லப்டொப்பில் மஞ்சள் முக்கோணம், போனில் நெட் வருகிறது. எங்கே பிழை?

அலஸ்தோட்டம் | 11 ஜூன் 2024, இரவு 8.42

ஒஃபிஸில் தந்த லப்டொப், விண்டோஸ் 10. வீட்டு வைஃபையில் நேற்றுவரை ஒரு குறையும் இல்லை. இன்று மாலை வந்து திறந்தால், கீழே வலப்பக்க மூலையில் வைஃபை அடையாளத்தின் மேல் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக்குறியும். சொடுக்கினால் No Internet, secured என்று வருகிறது. சிக்னல் முழுதாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் என் போனில் அதே வைஃபையில் எல்லாம் ஓடுகிறது. ரவுட்டரை மூன்று தரம் நிறுத்திப் போட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு முன் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். லப்டொப்பின் வைஃபை பழுதாகிவிட்டதா?

பைனரி தம்பி | 11 ஜூன், இரவு 8.51

அக்கா, திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பிழையாக இருந்தால் நெட் வராது. அது சரியென்றால் Network reset கொடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

கடைக்காரன் | 11 ஜூன், இரவு 9.20

பஸ் நிலையத்துக்குக் கிட்ட திருத்தகக் கடை வைத்திருக்கிறேன். இந்த முக்கோணத்தோடு கிழமைக்கு இரண்டு பேராவது வருவார்கள். பாதிப் பேர் வரும்போதே "வைஃபை கார்ட் போயிட்டுது, புதுசு போடுங்கோ" என்று தீர்ப்போடுதான் வருவார்கள்.

தங்கச்சி, கார்ட் பழுது என்றால் உங்களுக்கு அந்த முக்கோணமே வராது. வைஃபை பெயர்களே தெரியாது, அல்லது சிவப்புப் புள்ளடி வரும். முக்கோணம் சொல்வது வேறு: "ரவுட்டரோடு ஒட்டிக்கொண்டேன், அதற்கு அப்பால் உலகத்தைத் தொட முடியவில்லை." அதை லப்டொப் எப்படித் தெரிந்துகொள்கிறது என்றால், வைஃபை ஒட்டியவுடன் விண்டோஸ் உங்களுக்குச் சொல்லாமல் ஒரு சோதனை செய்கிறது. www.msftconnecttest.com என்ற பெயரின் முகவரியைக் கேட்டு, அங்கே போய் connecttest.txt என்ற சின்னக் கோப்பை எடுக்கும். அதற்குள் Microsoft Connect Test என்ற மூன்றே சொற்கள்தான் இருக்கும். அந்த மூன்று சொல்லும் அப்படியே திரும்பி வந்தால் முக்கோணம் இல்லை. வராவிட்டால் முக்கோணம். அவ்வளவுதான் அதன் அறிவு. வழியில் எந்த இடத்தில் அறுந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது, அதை நாங்கள்தான் தேட வேண்டும்.

போனில் வருகிறது என்றால் ரவுட்டரும் லைனும் சரி. பிழை லப்டொப் பக்கம்தான். பெரும்பாலும் ரவுட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை. தேடல் பெட்டியில் cmd என்று தட்டி, கறுப்புப் பெட்டி திறந்ததும் இதை அடித்து, IPv4 Address என்ற வரியில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்:

```
ipconfig
```

169.254 என்று தொடங்கினால் நான் சொன்னதுதான்.

மூதூர் நானா | 11 ஜூன், இரவு 9.33

எனக்கும் இதே கதை, ஆனால் நான் வைஃபை லைன் எடுக்கவில்லை, போனிலிருந்து ஹொட்ஸ்பொட் போடுகிறேன். போனில் பேஸ்புக், வட்ஸ்அப் பறக்கிறது. லப்டொப்பில் முக்கோணம். கடைக்காரத் தம்பி சொன்னபடி பார்த்தால் என் லப்டொப்தான் பிழையா?

ஓய்வு மாஸ்டர் | 11 ஜூன், இரவு 9.47

என்னுடையதிலும் நேற்று முக்கோணம் வந்தது. பற்றரி அடையாளத்துக்குப் பக்கத்தில். மகன் வந்து சார்ஜரைச் சரியாகச் செருகியதும் போய்விட்டது. பிள்ளை, முதலில் சார்ஜரைப் பாருங்கோ.

அலஸ்தோட்டம் | 11 ஜூன், இரவு 9.55

மாஸ்டர், இது வைஃபை அடையாளம். சார்ஜர் சரி.

கடைக்காரன் அண்ணா, இப்படி வந்திருக்கிறது. IPv4 Address 192.168.1.23. Default Gateway 192.168.1.1. 169.254 ஒன்றையும் காணவில்லை.

பைனரி தம்பி, திகதி, நேரம் இரண்டும் சரி. Reset இன்னும் கொடுக்கவில்லை, பயமாக இருக்கிறது.

கடைக்காரன் | 11 ஜூன், இரவு 10.10

சரி, என் ஊகம் பிழை. 192.168.1.23 நல்ல முகவரி. ரவுட்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது.

தப்பாக ஊகித்தாலும் அந்த 169.254 பற்றிச் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். லப்டொப் ரவுட்டரிடம் "எனக்கு ஒரு இலக்கம் தா" என்று கேட்டு, பதில் வராமல் களைத்துப்போய்த் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் இலக்கம் அது. டியூஷன் வகுப்பு நடத்தும் ஒருவர் வீட்டில் கண்டேன். பிள்ளைகளின் போன் முழுக்க ஒட்டி, ரவுட்டரில் கொடுக்க வைத்திருந்த இலக்கங்கள் முடிந்துவிட்டன. கடைசியாக வந்த சேரின் லப்டொப்புக்கு மட்டும் 169.254. அவர் லப்டொப்பைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது ஒவ்வொரு படியாக வெளியே போவோம். இதை ஒவ்வொன்றாக அடித்து, எதற்கு Reply from வருகிறது, எதற்கு வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
ping www.msftconnecttest.com
```

முதலாவது உங்கள் ரவுட்டர். இரண்டாவது வெளிநாட்டில் ஒரு முகவரி, பெயர் இல்லாமல் வெறும் இலக்கத்தில். மூன்றாவது பெயரோடு. எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அதற்கு முந்தியது வரை சரி.

தம்பி, திகதி விடயத்தில் நீர் பாதிதான் சரி. திகதி பிழையானால் தளங்கள் திறக்காது, உண்மை. ஆனால் அப்போது உலாவியில் NET::ERR_CERT_DATE_INVALID என்று சிவப்பாக வரும், முக்கோணம் வராது. விண்டோஸ் எடுக்கும் அந்தச் சின்னக் கோப்பு பூட்டில்லாத வெறும் http. அதற்குத் திகதி பற்றிக் கவலையில்லை.

பைனரி தம்பி | 11 ஜூன், இரவு 10.14

அட, அதை யோசிக்கவில்லை. ஆனால் reset கொடுத்தால் என்ன பிழை அண்ணா? நான் எப்போதும் அதைத்தான் செய்வேன், பத்துக்கு எட்டுத் தரம் சரிவரும்.

அலஸ்தோட்டம் | 11 ஜூன், இரவு 10.22

முதலாவது: நாலு தரமும் Reply. 2ms, 3ms.
இரண்டாவது: நாலு தரமும் Reply. 41ms அளவில்.
மூன்றாவது: கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு இப்படி:

```
Ping request could not find host www.msftconnecttest.com.
Please check the name and try again.
```

கடைக்காரன் | 11 ஜூன், இரவு 10.31

பிடிபட்டுவிட்டது. உங்கள் லப்டொப்பில் இன்டர்நெட் இருக்கிறது! பெயரை இலக்கமாக மாற்றித் தரும் ஆள்தான் இல்லை. கொழும்புக்குப் போகும் பஸ் வாசலில் நிற்கிறது, ஆனால் கொழும்பு எங்கே என்று கேட்டால் சொல்ல ஒருவருமில்லை. அதனால்தான் எந்தத் தளமும் திறக்கவில்லை, விண்டோஸின் சோதனையும் முதல் அடியிலேயே விழுகிறது.

"கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை" என்று எழுதினீர்களே, அது நல்ல சாட்சி. அந்த ஆள் "இல்லை" என்று சொன்னால் உடனே பதில் வந்திருக்கும். காத்திருந்து விழுந்தது என்றால், கேட்ட இடத்தில் ஆளே இல்லை.

என் மேல் ஒரு பிழை. வெறும் ipconfig அந்த ஆளின் முகவரியைக் காட்டாது. முதலிலேயே /all சேர்த்து அடிக்கச் சொல்லியிருந்தால் அரை மணித்தியாலம் மிச்சம். இப்போது அடியுங்கள்:

```
ipconfig /all
```

Wireless LAN adapter Wi-Fi என்ற பகுதியில் DNS Servers என்ற வரி. அங்கே என்ன?

அலஸ்தோட்டம் | 11 ஜூன், இரவு 10.36

192.168.10.5

கடைக்காரன் | 11 ஜூன், இரவு 10.38

உங்கள் வீட்டு ரவுட்டர் 192.168.1.1. அந்த 10.5 உங்கள் வீட்டில் இல்லவே இல்லை. ஒஃபிஸில் யாராவது இந்த லப்டொப்பைத் தொட்டார்களா?

அலஸ்தோட்டம் | 11 ஜூன், இரவு 10.41

ஓம்! இன்று காலை பொதுக் கோப்புறை திறக்கவில்லை என்று சொன்னேன். ஒரு பையன் வந்து ஐந்து நிமிடம் ஏதோ தட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு கோப்புறை திறந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, அது கோப்புறைப் பிரச்சினை, இது வைஃபை பிரச்சினை என்று நினைத்தேன்.

கடைக்காரன் | 11 ஜூன், இரவு 10.52

ஒன்றும் உடையவில்லை. 192.168.10.5 உங்கள் ஒஃபிஸ் சேர்வராக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கோப்புறைகளின் பெயர் அதற்கு மட்டும்தான் தெரியும். பையன் அதைக் கையால் எழுதி வைத்துவிட்டான். அங்கே அது வேலை செய்யும், வீட்டுக்கு வந்தாலும் லப்டொப் அதையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

இன்றைய இரவுக்கு இதைச் செய்யுங்கள். விண்டோஸ் சாவியும் R எழுத்தும் சேர்த்து அழுத்தி ncpa.cpl என்று அடியுங்கள். Wi-Fi மேல் வலது சொடுக்கு, Properties. பட்டியலில் Internet Protocol Version 4 (TCP/IPv4) மேல் இரட்டைச் சொடுக்கு. கீழ்ப் பாதியில் Use the following DNS server addresses என்பது தெரிவாகி இருக்கும். அங்கே இருக்கும் இலக்கத்தை முதலில் போனில் படம் எடுத்து வையுங்கள், மறக்க வேண்டாம். பிறகு Obtain DNS server address automatically என்பதைத் தெரிந்து OK. மேல் பாதியைத் தொடவே வேண்டாம்.

ஒஃபிஸ் லப்டொப் என்பதால் அந்தப் பெட்டி நிர்வாகியின் கடவுச்சொல் கேட்டாலும் கேட்கும். கேட்டால் அத்தோடு விடுங்கள், அறிக்கையைப் போனுக்கு மாற்றி அனுப்பலாம்.

அலஸ்தோட்டம் | 11 ஜூன், இரவு 11.03

கடவுச்சொல் கேட்கவில்லை. OK கொடுத்து ஐந்தாறு விநாடியில் முக்கோணம் போய்விட்டது. நான் ஒன்றும் செய்யாமலே போனது. அறிக்கை போகிறது. நன்றி அண்ணா.

பைனரி தம்பி | 11 ஜூன், இரவு 11.05

பார்த்தீர்களா, reset கொடுத்திருந்தாலும் அந்த 10.5 அழிந்திருக்கும். என் வைத்தியமும் சரிதான் :)

கடைக்காரன் | 12 ஜூன், காலை 6.50

தம்பி சொல்வது உண்மை, அழிந்திருக்கும். உம்முடைய பத்துக்கு எட்டு அப்படித்தான் வருகிறது. ஆனால் கூடவே அவர் சேமித்து வைத்த எல்லா வைஃபை கடவுச்சொல்லும் போயிருக்கும், வீட்டிலிருந்து ஒஃபிஸுக்குள் நுழைய ஏதாவது வழி வைத்திருந்தால் அதுவும் போயிருக்கும். அதோடு அந்த இலக்கம் என்னவென்று ஒருவருக்கும் தெரிந்திராது. இன்று காலை ஒஃபிஸில் கோப்புறை திறக்காமல் போனால், ஏன் என்றும் தெரிந்திராது. நானும் கடைசியில் reset கொடுப்பதுண்டு, இல்லையென்று சொல்லவில்லை. கடைசியில்.

இப்போது மூதூர் நானாவுக்கு வருகிறேன், நேற்று உங்களை அப்படியே விட்டுவிட்டேன். உங்கள் கேள்வியை இரவு படுக்கையில் நினைத்தபோதுதான் தெரிந்தது, நான் அலஸ்தோட்டத்துக்குச் சொன்ன முதல் வசனமே ஓட்டை. "போனில் வருகிறது என்றால் லைன் சரி" என்றேன். அப்படி அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு விதமாகப் போன் எங்களை ஏமாற்றும்.

ஒன்று, போன் வைஃபையில் இருப்பதுபோல இருக்கும், ஆனால் வைஃபையில் நெட் இல்லை என்று கண்டால் பல போன்கள் சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வீட்டு லைன் செத்துக் கிடக்க, போனில் வீடியோ ஓடும். எல்லோரும் லப்டொப்பைச் சந்தேகிப்பார்கள். ஆகவே போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுத்தான் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். அலஸ்தோட்டம் விடயத்தில் 8.8.8.8 பதில் தந்ததால் தப்பித்தேன்.

இரண்டாவது உங்களுடையது. நானா, நீங்கள் போட்டிருக்கும் பக்கேஜ் என்ன? பேஸ்புக், வட்ஸ்அப்புக்கு மட்டும் உள்ளதா?

மூதூர் நானா | 12 ஜூன், காலை 9.15

ஓம், அந்தச் சமூக வலைத்தளப் பக்கேஜ்தான். மலிவு என்று மகள் போட்டுத் தந்தது. சாதாரண டேட்டா போன கிழமையே முடிந்துவிட்டது. அதற்கும் இதற்கும் என்ன?

கடைக்காரன் | 12 ஜூன், பகல் 1.05

அதுதான் விடயம். உங்கள் போனில் இரண்டு மூன்று கதவு மட்டும் திறந்திருக்கிறது. விண்டோஸ் தட்டிப் பார்ப்பது மைக்ரோசொஃப்டின் கதவை, அது உங்கள் பக்கேஜில் இல்லை. லப்டொப் பொய் சொல்லவில்லை. நிச்சயப்படுத்த வேண்டுமானால் போனின் உலாவியில் ஏதாவது ஒரு பத்திரிகைத் தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்காவிட்டால் லப்டொப்பில் கைவைக்க ஒன்றுமில்லை. சிறிதாக ஒரு சாதாரண டேட்டா ரீலோட் செய்து பாருங்கள்.

சில பக்கேஜ்களில் ஹொட்ஸ்பொட்டுக்கே தனி விதி உண்டு. உங்களுடையதில் எப்படியோ, வாடிக்கையாளர் இலக்கத்தில் கேட்டுவிட்டு ரீலோட் செய்வது நல்லது.

மூதூர் நானா | 12 ஜூன், பகல் 1.40

பத்திரிகைத் தளம் போனிலும் திறக்கவில்லை. இரண்டு நாளாக லப்டொப்பை மகனிடம் கொடுத்து ஏசினேன். அவன் ஒன்றும் செய்யவில்லை பாவம்.

உப்புவெளி ரிசெப்ஷன் | 12 ஜூன், மாலை 4.30

கடற்கரைப் பக்கம் விருந்தினர் விடுதியில் வேலை. எங்களிடம் வரும் வெள்ளைக்காரருக்கும் முக்கோணம் வரும், ஒரு நாளைக்கு நாலு பேராவது கேட்பார்கள். எங்கள் வைஃபை முதலில் அறை இலக்கம் கேட்கும் பக்கத்தைக் காட்டும், அதைக் கடக்கும்வரை வெளியே விடாது. சிலருக்கு அந்தப் பக்கம் தானாகத் திறக்காது. நாங்கள் இதை ஒரு துண்டில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறோம், உலாவியில் அடிக்கச் சொல்லி:

```
http://www.msftconnecttest.com/redirect
```

ஏன் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது, முன்னர் இருந்தவர் எழுதி வைத்தது.

கடைக்காரன் | 12 ஜூன், மாலை 5.15

முன்னர் இருந்தவருக்கு விடயம் தெரிந்திருக்கிறது. விண்டோஸ் அந்த மூன்று சொல்லை எதிர்பார்க்க, உங்கள் விடுதியின் பக்கம் குறுக்கே புகுந்து வேறு எதையோ கொடுக்கிறது. பூட்டில்லாத முகவரி என்பதால்தான் குறுக்கே புக முடிகிறது. https என்று தொடங்கும் தளத்தை அடித்தால் அந்தப் பக்கம் சரியாக வராது, எச்சரிக்கைதான் வரும்.

ஓய்வு மாஸ்டர் | 12 ஜூன், இரவு 7.20

கச்சான் காற்றுக்கு எங்கள் வீட்டு வயர் ஆடி ஆடி நெட் அறுகிறது. அதற்கும் முக்கோணம் வருமா? வயரை மான் கடித்ததோ என்றும் சந்தேகம். கோட்டைப் பக்கத்து மான் இப்போது எங்கள் ஒழுங்கை வரைக்கும் வருகிறது.

கடைக்காரன் | 12 ஜூன், இரவு 8.00

வரும் மாஸ்டர், ஆனால் அப்போது வீட்டில் எல்லாவற்றிலும் சேர்ந்து வரும். ping 192.168.1.1 பதில் தரும், 8.8.8.8 தராது. அப்படியானால் லப்டொப்பை மூடிவிட்டு ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். நீங்கள் பைபர் எடுத்திருந்தால், LOS என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே லைன் போய்விட்டது. கம்பனிக்கு அடித்துச் சொல்ல வேண்டியதுதான். மானுக்கு எதிராக முறைப்பாடு எடுப்பார்களோ தெரியாது.

அலஸ்தோட்டம் | 13 ஜூன், இரவு 7.45

மறுபடியும் நான்தான். அறிக்கை நேரத்துக்குப் போனது. ஆனால் ஒஃபிஸில் கோப்புறை திறக்கவில்லை. அதே பையன் வந்து "யார் இதை மாத்தினது?" என்று கேட்டுவிட்டு 192.168.10.5 ஐத் திரும்பப் போட்டான். வீட்டுக்கு வந்தேன், முக்கோணம் வாசலிலேயே நிற்கிறது. ஒவ்வொரு நாளும் காலை ஒரு தரம் மாலை ஒரு தரம் மாற்றிக்கொண்டிருப்பதா?

கடைக்காரன் | 13 ஜூன், இரவு 8.30

இதைத்தான் பயந்தேன். அந்தப் பெட்டியிலே Preferred DNS server, Alternate DNS server என்று இரண்டு கட்டம் இருக்கும். முதலாவதில் 192.168.10.5 அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் 8.8.8.8 போடுங்கள். வீட்டில் முதலாமவரைக் கேட்டு, ஒரு விநாடி அளவு பொறுத்து, பதில் இல்லாமல் இரண்டாமவரிடம் போகும். தொடக்கத்தில் கொஞ்சம் இழுக்கும், பிறகு பரவாயில்லை.

பைனரி தம்பி | 13 ஜூன், இரவு 8.44

இது எனக்குப் பிடிக்கவில்லை அண்ணா. ஒஃபிஸ் சேர்வர் ஒரு கணம் தாமதித்தால் லப்டொப் 8.8.8.8 இடம் போய்க் கோப்புறையின் பெயரைக் கேட்கும். அது "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொல்லும், லப்டொப் அதை நம்பிக்கொண்டு இருக்கும். படிப்பில் எங்களுக்கு இதைச் செய்யவே வேண்டாம் என்றுதான் சொல்லித்தந்தார்கள். ஒஃபிஸ் ரவுட்டரே 10.5 ஐத் தானாகக் கொடுக்கும்படி வைப்பதுதான் முறை. அப்போது எல்லா லப்டொப்பும் automatic இல் இருக்கலாம்.

கடைக்காரன் | 13 ஜூன், இரவு 9.02

இந்த முறை தம்பி முழுதாகச் சரி. ஒஃபிஸில் அப்படி மாற்றினால் இந்த இழையே தேவையில்லை. ஆனால் அதை மாற்ற வேண்டியவர் அந்தப் பையன், அல்லது அவனுக்கு மேலே இருப்பவர். தங்கச்சியிடம் இருப்பது ஒரு லப்டொப்பும் ஒரு வீடும். தம்பி சொன்னது நடந்தால், அதாவது ஒஃபிஸில் கோப்புறை திடீரென்று தெரியாமல் போனால், இதை ஒரு தரம் அடித்துவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள்:

```
ipconfig /flushdns
```

லப்டொப் மனதில் வைத்திருக்கும் அந்த "இல்லை" அழிந்துவிடும்.

மாற்றுவதற்கு முன் பையனிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். ஒஃபிஸ் பொருள், நாளைக்கு என் தலையில் வந்து விடியும்.

அலஸ்தோட்டம் | 18 ஜூன், இரவு 8.10

பையனிடம் கேட்டேன். ரவுட்டரை மாற்ற மேலே கடிதம் எழுத வேண்டுமாம். இரண்டாவது கட்டத்தில் 8.8.8.8 போட அவனே சம்மதித்துப் போட்டுத் தந்தான். இப்போது வீட்டில் திறந்தவுடன் முக்கோணம் ஒரு பத்து விநாடி நின்றுவிட்டுப் போகிறது. ஒஃபிஸில் கோப்புறை நேற்று ஒரு தரம் தெரியவில்லை. flushdns அடித்தேன், வந்தது.

பக்கத்து மேசை அக்காவின் லப்டொப்பிலும் அவனே தட்டியிருக்கிறான் போல. அவரும் இன்று வீட்டில் முக்கோணம் என்று வந்து நிற்கிறார். முதல் வேலையாக ipconfig /all அடிக்கச் சொன்னேன்.